5 மாடு, 90 நாள், 8 டன் ஊறுகாய்ப்புல்: மத்தூர் பக்கம் சைலேஜ் குழி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

கிருஷ்ணகிரியில் இருந்து ஊத்தங்கரை போகும் சாலையில் இருக்கிறது மத்தூர். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வரப்பு முழுக்கப் புல் நிற்கும், மாட்டுக்குத் தின்று தீராது. அதே வரப்பு மாசி முடிவதற்குள் காய்ந்துவிடும். பங்குனி முதல் வைகாசி வரை கேழ்வரகுத் தாளும் வைக்கோலும்தான் கதி. பால் அளவும் அப்போதுதான் இறங்குகிறது.

இன்னொரு சிக்கல் ஆள். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிற வீடுகளில், தினமும் காலையில் புல் அறுக்க ஆள் இருப்பதில்லை. மழைக்காலத்துப் பச்சையை ரெண்டே நாளில் அறுத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்து, கோடையில் எடுத்துப் போடுவதுதான் சைலேஜ். நம் ஊர் விவசாயிகளுக்கு ஊறுகாய்ப்புல் என்றால் உடனே புரியும். பெயரும் சரியாகத்தான் இருக்கிறது. ஊறுகாயைப் போலவே இங்கேயும் தீவனத்தைக் கெடாமல் காப்பது புளிப்புதான்.

ஆனால் குழி போட்ட எல்லோருக்கும் நல்ல சைலேஜ் கிடைப்பதில்லை. சிலர் திறக்கும்போதே நாறுகிறது. சிலருக்கு முதல் வாரம் நன்றாக இருந்து, அப்புறம் பூஞ்சை பிடிக்கிறது. இந்த ரெண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றல்ல.

மூடிய குழிக்குள் என்ன நடக்கிறது?

அறுத்த பிறகும் தட்டை உடனே செத்துவிடாது. குழிக்குள் சிக்கிய காற்றை அது சுவாசிக்கும். தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்துச் சூட்டை வெளிவிடும். காற்று தீர்ந்ததும் அந்த வேலை நிற்கும். அதன்பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மிச்சமிருக்கும் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கியதும் மற்ற நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். மூடி திறக்காதவரை அப்படியே இருக்கும்.

அதாவது உள்ளே காற்று எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சர்க்கரை வீண். சர்க்கரை குறைந்தால் புளிப்பு குறையும். தண்ணீர் அதிகமாக இருந்தால் புளிப்பு நீர்த்துப்போய், கிளாஸ்ட்ரிடியா என்ற வேறு வகை பாக்டீரியா கிளம்பிவிடும். திறந்ததும் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிப்பது, தீவனம் வழவழ என்று கையில் ஒட்டுவது எல்லாம் இதன் வேலை.

எப்போது அறுப்பது?

சைலேஜுக்கு மக்காச்சோளம்தான் சுலபமான பயிர். மகாராஷ்டிராவில் உருவான ஆப்பிரிக்கன் டால் ரகம் இங்கே பரவலாகப் போடப்படுகிறது. இதில் இயல்பாகவே சர்க்கரை அதிகம் என்பதால் வேறு எதையும் சேர்க்கத் தேவையில்லை. கதிரில் பால் வற்றி, மணி மாவு கட்டத் தொடங்கும் பருவத்தில் அறுக்க வேண்டும். விதைத்து ஏறக்குறைய 75 முதல் 85 நாள் ஆகியிருக்கும். அப்போது 100 கிலோ தட்டையில் 30 முதல் 35 கிலோ வரை உலர்பொருள் இருக்கும், மிச்சம் தண்ணீர். நமக்கு வேண்டியது இந்த அளவுதான்.

மெஷின் இல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது? நறுக்கிய தீவனத்தை ஒரு கைப்பிடி எடுத்து, அரை நிமிஷம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறக்கவும். விரலிடுக்கில் சாறு வடிந்து, உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம், இன்னும் பொறுக்க வேண்டும். உருண்டை மெல்ல மெல்லப் பிரிந்து, உள்ளங்கை லேசாக மட்டும் நனைந்திருந்தால் சரியான பதம். சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. அதை எவ்வளவு மிதித்தாலும் அமுங்காது, காற்று உள்ளேயே தங்கிவிடும்.

வரப்பில் நிற்கும் கோ-4 புல்லைப் போடலாமா?

மத்தூர் பக்கம் பலரும் கேட்பது இதைத்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ரகம் இது. போடலாம், ஆனால் அறுத்த கையோடு போடக்கூடாது. 45 நாளில் அறுக்கிற கோ-4 புல்லில் 100 கிலோவுக்கு 20 கிலோதான் உலர்பொருள், மீதி 80 கிலோவும் தண்ணீர். சர்க்கரையும் குறைவு.

அறுத்த புல்லை வெயிலில் பரப்பி வாட விட வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்பதைவிட எவ்வளவு எடை என்று கேட்பது நல்லது. 20 கிலோ உலர்பொருள் 30 சதவீதம் ஆக வேண்டுமென்றால் மொத்த எடை 67 கிலோவுக்கு வர வேண்டும். எனவே 10 கிலோ கட்டு ஒன்றைத் தனியாக எடை போட்டு அதே வெயிலில் வைத்தால் போதும். அது 6 கிலோ 700 கிராமுக்கு வந்ததும் மொத்தப் புல்லும் தயார். பிறகு 100 கிலோ புல்லுக்கு 2 முதல் 3 கிலோ மொலாசஸ், அதே அளவு தண்ணீரில் கரைத்து, அடுக்குக்கு அடுக்கு தெளிக்க வேண்டும். மேகமூட்டமாக இருந்து புல் வாடவே இல்லையென்றால், 100 கிலோவுக்கு 10 கிலோ நறுக்கிய கேழ்வரகுத் தாளைக் கலந்தால் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் அளவுக்கு வராது, ஆனாலும் மோசமில்லை.

தீவனச் சோளம் போட்டவர்கள் பூ எடுத்த பிறகே அறுக்க வேண்டும். இளம் சோளத்திலும், தண்ணீர் இல்லாமல் குன்றிய சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். வேலிமசாலைத் தனியாக சைலேஜ் போடாமல் இருப்பதே நல்லது. அதில் சர்க்கரை குறைவு, எளிதில் புளிக்காது. அதைப் பச்சையாகவே கொடுத்துவிடலாம்.

5 மாட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

கறவை மாடு ஒன்றுக்கு நாளுக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5 மாட்டுக்கு 75 கிலோ. மார்ச் முதல் மே வரை 90 நாளுக்கு 6,750 கிலோ ஆகிறது. போடும்போதும் எடுக்கும்போதும் 15 சதவீதம் போய்விடும் என்று கணக்கிட்டால், குழிக்குள் 8 டன் பச்சை போக வேண்டும். ஆப்பிரிக்கன் டால் ஏக்கருக்கு 16 டன் அளவுக்கு வரும். ஆக 50 சென்ட் போதும், கொஞ்சம் தாராளமாக 60 சென்ட் விதைக்கலாம். ஏக்கருக்கு 16 கிலோ விதை என்ற கணக்கில் 10 கிலோ விதை வாங்கினால் சரியாக இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் விதைத்தால் டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்த நேரத்தில் அறுக்கலாம். 45 நாள் மூடி வைத்தாலும் பிப்ரவரி நடுவில் தயாராகிவிடும்.

பலரும் கோட்டை விடும் இடம்

காலால் நன்றாக மிதித்தால் ஒரு கன மீட்டரில் 500 கிலோ நிற்கும். 8 டன்னுக்கு 16 கன மீட்டர். அப்படியென்றால் 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், ஐந்தரை மீட்டர் நீளத்தில் ஒரு குழி வெட்டினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தீவனம் உள்ளே போகும், மூடவும் முடியும். பிரச்சனை திறந்த பிறகுதான்.

திறந்ததும் குழியின் முகப்பு முழுவதும் காற்று படும். ஈஸ்டும் பூஞ்சையும் உடனே வேலையைத் தொடங்கும். கோடை வெயிலில் முகப்பு முழுக்க தினமும் 15 சென்டிமீட்டராவது வெட்டி எடுத்துக்கொண்டே போனால்தான் கெடுதல் நம்மைத் துரத்திப் பிடிக்காது. மேலே சொன்ன குழியில் முகப்பு 3 சதுர மீட்டர். ஒரு நாளுக்கு எடுக்கும் 75 கிலோ, அதில் 5 சென்டிமீட்டர் கனம்தான். ஆக மாடு தின்கிற வேகத்தைவிடப் பூஞ்சை வேகமாக உள்ளே போகும். முதல் வாரம் நன்றாக இருந்த குழி அப்புறம் சூடேறிக் கெடுவது இதனால்தான். போட்டவர் மேல் தப்பே இருக்காது, அளவுதான் தப்பு.

எனவே குழியைத் தினசரி தேவையில் இருந்து கணக்குப் போட வேண்டும். அதே 8 டன்னுக்கு 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், பதிமூன்றரை மீட்டர் நீளம் என்று ஒல்லியாக வெட்டினால் நாளுக்கு ஏறக்குறைய 12 முதல் 13 சென்டிமீட்டர் நகரும். 15-க்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் 5-ஐவிட எவ்வளவோ மேல். நீளமான இடம் இல்லையென்றால் ரெண்டு மூன்று சின்னக் குழிகள் போடலாம். 2, 3 மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குழியே வேண்டாம். உள்ளே பாலித்தீன் உறையுள்ள 50 கிலோ சைலேஜ் பைதான் சரி. திறந்த பை ஒன்றிரண்டு நாளில் காலியாகிவிடும். ஒரே தொல்லை எலி. பையில் ஒரு ஓட்டை விழுந்தாலும் அந்தப் பை போச்சு, உடனே டேப் ஒட்ட வேண்டும்.

நிரப்புவது எப்படி?

தட்டையை 2 சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்க வேண்டும். நீளமாக இருந்தால் அமுங்காது. அடியிலும் பக்கத்திலும் பாலித்தீன் விரித்து, 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஓரத்தில் இருந்து நடுவுக்கு மிதித்து வர வேண்டும். ஓரம்தான் எப்போதும் விட்டுப்போகும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ரெண்டு நாளுக்குள் நிரப்பி, தரைமட்டத்துக்கு மேல் கொஞ்சம் மேடாகக் குவித்து, தார்ப்பாய் மூடி, மண் அல்லது மணல் மூட்டை ஏற்ற வேண்டும். மழைத்தண்ணீர் குழிப் பக்கம் வராமல் சுற்றி ஒரு வாய்க்கால் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. வறட்சியில் வாடி, மழை பெய்ததும் திடீரென்று துளிர்த்த பயிரில் நைட்ரேட் அதிகமாக இருக்கும். அதை மூடினால் முதல் 3 வாரத்துக்குள் பழுப்பு மஞ்சள் நிறத்தில், பிளீச்சிங் பவுடர் நெடியோடு நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வரலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியிலேயே தங்கும், நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கும். அந்த நாட்களில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது.

திறந்ததும் என்ன பார்ப்பது?

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், லேசான புளிப்பும் பழ வாசனையும் வரும். புகையிலை நிறத்தில், கருகிய சர்க்கரை வாசனை வந்தால் உள்ளே சூடேறியிருக்கிறது. மாடு அதை விரும்பித் தின்னும், அதில்தான் ஏமாற வாய்ப்பு. சூட்டில் புரதம் மாட்டுக்குச் செரிக்காமல் போயிருக்கும். பூஞ்சை பிடித்த பகுதியை அப்படியே எருக்குழிக்கு அனுப்ப வேண்டும், நல்லதோடு கலந்து சமாளிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து பி.எச். காகிதத்தில் பார்க்கலாம். மக்காச்சோள சைலேஜ் 4.2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

மாட்டுக்கு முதல் நாளே 15 கிலோ போடக்கூடாது. 3, 4 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். மக்காச்சோள சைலேஜில் மாவுச்சத்து இருக்கிற அளவுக்குப் புரதம் இல்லை, வேலிமசாலோ அடர்தீவனமோ கூடவே வேண்டும். வைக்கோலையும் அடியோடு நிறுத்த வேண்டாம். கறப்பதற்கு முன்னால் கொடுத்தால் பாலில் வாசனை ஏறும் என்பதால், கறந்து முடித்த பிறகே தொட்டியில் போட வேண்டும்.