"ஆக்டிவ்" என்று போட்டிருந்தால் பணம் பத்திரமா?

களியக்காவிளை பக்கத்தில் பளுகலில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் 2017-ல் மூடப்பட்டபோது, தமிழகம், கேரளம் இரண்டிலிருந்தும் டெபாசிட்தாரர்கள் பணம் கேட்டுத் திரண்டனர். போர்டைப் பார்த்து நம்பினால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கம்பெனியின் நிலையை மத்திய அரசின் mca.gov.in தளத்தில் யாரும் பார்க்கலாம். பெயரைக் கொடுத்தால் போதும். பில்லில் அச்சிட்டிருக்கும் 21 இலக்க CIN எண் இருந்தால் பெயர்க் குழப்பமே வராது.

குலை வியாபாரி கதை

ஒரு வாழைக்குலை வியாபாரி ஒரு கம்பெனிக்கு ரூ.1,80,000 சரக்கு கடனாகக் கொடுத்தார் என்று வையுங்கள். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. மருமகன் பதிவேட்டைப் பார்க்கிறான்.

"மாமா, Active-ன்னுதான் கிடக்கு!"

"அப்ப பயமில்லடே!"

"இல்ல மாமா, கடைசி பேலன்ஸ் ஷீட் தேதியப் பாருங்க. மூணு வருஷம் பழசு!"

அங்கேதான் விஷயம். Active என்றால் பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். பணம் இருக்கிறது என்று அல்ல. கணக்கே தராத கம்பெனியும் அப்படியே காட்டக்கூடும்.

Dormant என்றால் தூங்குகிறது. தொழில் நடத்தாமல், பதிவை மட்டும் காப்பாற்ற அனுமதி பெற்ற கம்பெனி அது. அதன் பெயரில் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தால், உஷார்!

பெயர் போனால் கடனும் போச்சா?

Strike Off என்றால் பதிவாளர் பெயரை அடித்துவிட்டார். 2017-ல் மட்டும் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகள் இப்படி நீக்கப்பட்டன. ஆனால் டைரக்டர்களின் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடாது. கடன் கொடுத்தவர், நீக்க அறிவிப்பு கெஜட்டில் வந்த 20 ஆண்டுக்குள், கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு பெயரை மீட்கக் கேட்கலாம். பில்லும் லாரி ரசீதும்தான் கையில் இருக்க வேண்டிய ஆயுதம். அவரவர் கடனை வசூலிக்கும் காலக்கெடு வேறு. அதைத் தாண்டினால் பெயர் மீண்டும் பயன் இராது.

Under Liquidation என்றால் சொத்தை விற்றுக் கடனைப் பங்கிடும் வேலை நடக்கிறது. டைரக்டர் வீட்டு வாசலில் நின்று புண்ணியமில்லை. லிக்விடேட்டரின் அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள், ஆதாரத்தோடு பாக்கியைக் கேட்டு எழுத வேண்டும். முதலில் விற்பனைச் செலவு, பிறகு தொழிலாளர் சம்பளம், அடமானம் வாங்கிய பேங்க். வெறும் பில் வைத்திருக்கும் வியாபாரியின் முறை அதற்கும் பின்னால்தான்.

தனி ஆள் கடையும் பங்குதாரர் கடையும் இந்தப் பதிவேட்டில் வராது. கம்பெனி என்றால் மட்டும், சரக்கு லாரியில் ஏறும் முன்பே பேலன்ஸ் ஷீட் தேதியைப் பார்த்துவிட வேண்டும். லாரி செக்போஸ்ட்டைத் தாண்டிய பின் பார்த்தால் தலையில் கைதான்!