கவிழ்த்து வைத்த ஆறு அட்டைகள்

ஆறு அட்டைகளில் 42, 17, 63, 8, 35, 29 என்று எழுதி ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை சில நொடிகளில் அடுக்கிவிடும். எப்படி அடுக்கினாய் என்று கேட்டால், "சும்மா பார்த்தேன், அடுக்கினேன்" என்றுதான் பதில் வரும். கண் ஆறு எண்களையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறது. கணினிக்கு அந்தப் பார்வை கிடையாது. வரிசைப்படுத்தும் நிரல் ஒரு நேரத்தில் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஆகவே இந்தப் பாடத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். பார்த்ததும் மறுபடி கவிழ்த்துவிட வேண்டும். கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் பயிற்சிகளை டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகிய மூவரும் 1990களில் தொகுத்தார்கள். அவர்களுடைய வரிசைப்படுத்தும் பயிற்சியில் அட்டைக்குப் பதில் தராசு இருக்கும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் டப்பாக்களுக்குள் வெவ்வேறு எடைகள். தராசுக்கு இரண்டே தட்டு என்பதால் இரண்டிரண்டாகத்தான் ஒப்பிட முடியும். அட்டையைக் கவிழ்ப்பதும் அதே கட்டுப்பாட்டைத்தான் கொண்டுவருகிறது.

அடுக்கி முடித்த பிறகுதான் பாடத்தின் கனமான பகுதி தொடங்குகிறது. ஒவ்வொரு குழுவும் தான் செய்ததைப் படிப்படியாக எழுத வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேறொரு குழு, எழுதியதை மட்டும் செய்ய வேண்டும். எழுதாததை ஊகித்துச் செய்யக் கூடாது.

ஒரு குழு இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்: "இடமிருந்து தொடங்கு. பக்கத்துப் பக்கத்து அட்டைகளை ஒப்பிடு. இடது பக்கம் பெரியதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்று. கடைசி வரை போ." படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. செய்து பாருங்கள்: 42, 17 இடம் மாறும். 42, 63 மாறாது. பிறகு 63 தன் வலப்பக்கத்து 8, 35, 29 மூன்றையும் தாண்டிக் கடைசிக்குப் போகும். கிடைப்பது 17, 42, 8, 35, 29, 63. தாளில் எழுதியது முடிந்துவிட்டது, வரிசை முடியவில்லை. ஆறில் பெரியதான 63 மட்டுமே தன் இடத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது.

எழுதிய குழு, "திரும்பத் திரும்பச் செய்யணும்" என்று சொல்லும். எத்தனை முறை? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டாம் சுற்றில் 17, 8, 35, 29, 42, 63 வரும். மூன்றாம் சுற்றில் 8, 17, 29, 35, 42, 63 என்று எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றனவே, சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? நான்காவது சுற்றும் போய்ப் பார்க்க வேண்டும். அதில் ஓர் இடமாற்றமும் நடக்காது. "இடமாற்றமே நடக்காத சுற்று வரும்வரை திரும்பச் செய்" என்ற வரியைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து எழுதும்போது குமிழி வரிசையாக்கம் முழுமை பெறுகிறது. அந்த வரியை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சுற்றுக்கு ஐந்து ஒப்பீடு, நான்கு சுற்று, ஆக 20. இன்னொரு குழு மிகச் சிறியதைத் தேடி முதலில் வைத்திருக்கும். மீதியில் சிறியதைத் தேடி அடுத்து வைத்திருக்கும். இதற்கு 5+4+3+2+1, அதாவது 15 ஒப்பீடுகள். அட்டைகள் எந்த ஒழுங்கில் கிடந்தாலும் இந்த 15 மாறாது. மூன்றாவது குழு, ரம்மி ஆடுபவர் கைக்கு வந்த சீட்டைச் செருகுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, அடுக்கியதன் வலக்கோடியிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வந்து, உரிய இடத்தில் செருகியிருக்கும். நம் ஆறு அட்டைகளுக்கு இம்முறையில் 12 ஒப்பீடு போதும். ஏற்கெனவே வரிசையாக இருந்தால் ஐந்தே. தலைகீழாக இருந்தால் இதற்கும் 15.

அதனால் எந்த முறை சிறந்தது என்று ஒரே ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அட்டைகளைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு குழுவும் ஒப்பீடுகளைக் கோடு போட்டு எண்ணிப் பலமுறை ஆட வேண்டும். எண்ணிக்கை பெருகினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட வைக்கலாம். சிறியதைத் தேடும் முறைக்கு 100 அட்டைகள் என்றால் 4,950 ஒப்பீடுகள். 200 என்றால் 19,900. அட்டை இரட்டிப்பானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பெரிய பட்டியல்களுக்கு வேறு முறைகளைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டினால் அட்டை தயார். எண்ணைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் பின்பக்கம் தெரிந்துவிடும்.