முதலில் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்

சனிக்கிழமை மாலை ஆறே முக்கால். பொள்ளாச்சியில் மளிகைக்கடை நடத்தும் ஒரு பெண்மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஸ்கூட்டர் எண் அதில் சரியாக இருக்கிறது. சிக்னலை மீறியதற்கு அபராதம், ரசீதைப் பார்க்க இந்தக் கோப்பைத் திறக்கவும் என்கிறது செய்தி. கோப்பின் பெயர் RTO Challan.apk. கடைசியில் .apk என்று முடிந்தால் அது ரசீது அல்ல, போனில் நிறுவப்படும் ஒரு செயலி. அவருக்கு அது தெரியவில்லை. கடையில் கூட்டம் வேறு. கேட்ட அனுமதிகளை எல்லாம் கொடுத்துவிடுகிறார். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் அதில் போய்விடுகிறது. அபராதத்தைச் சரிபார்க்க என்று வந்த பக்கத்தில் நெட்பேங்கிங் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார். 7.12-க்கு 49,000 ரூபாய், 7.14-க்கு 50,000, 7.19-க்கு 38,500 என்று மூன்று தடவையாக 1,37,500 ரூபாய் போய்விட்டது. வங்கி அனுப்பிய ஓடிபிகள் அவர் பார்ப்பதற்குள்ளேயே அந்தச் செயலி வழியாக வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஏழரை மணிக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "போனை முதலில் ஃபார்மட் பண்ணு." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல் அந்த நேரத்தில் வேறில்லை. யார் அனுப்பினார்கள், எதை அனுப்பினார்கள், ஓடிபி எங்கே போனது என்பதற்கான தடயம் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது.

அவர் செய்ய வேண்டியது, போனை ஃப்ளைட் மோடில் போடுவது. வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதனால் இரண்டு நன்மை உண்டு. ஓடிபி அந்தப் போனுக்கு வராது, செயலியாலும் எதையும் வெளியே அனுப்ப முடியாது. அடுத்ததைப் பலரும் யோசிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே செய்தியை இருபக்கமும் அழித்துவிட முடியும். டெலிகிராமில் உரையாடல் முழுவதையுமே அழிக்கலாம். இணையம் இல்லாத போனுக்கு அந்த அழிப்புக் கட்டளை வந்து சேராது. நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். செயலியையும் நீக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

அடுத்து, இன்னொரு போனிலிருந்து 1930. இது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிதி மோசடிப் புகார் எண். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் வங்கியின் உதவி எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லட்டும். கடவுச்சொல் திருடன் கையில் இருக்கிறதே.

1930-இல் நாம் சொல்லும் கதையைவிட அவர்களுக்குத் தேவைப்படுவது எண்கள்தான். எந்த வங்கி, எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, அதற்கான பரிவர்த்தனை எண். யுபிஐ, ஐஎம்பிஎஸ் வழியே போன பணத்துக்கு அது பன்னிரண்டு இலக்கம். திரையில் UTR என்றோ RRN என்றோ Ref No என்றோ இருக்கும். ஒரே ஆள்தான் எடுத்தான் என்றாலும் மூன்று தடவைக்கும் மூன்று எண்கள். ஒன்றை விட்டால் அந்தத் தொகையின் தடம் விட்டுப்போகும். செயலி எஸ்எம்எஸ்களை மறைத்திருந்தால் வங்கி உதவி எண்ணில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? புகார் பதிவானதும் நம் வங்கிக்கும், அது வழியாகப் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் தகவல் போகிறது. பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் அந்த விவரத்தைப் பதிவு செய்வார்கள், புகார் அடுத்த வங்கிக்குப் போகும். கமிஷனுக்காக வாடகைக்கு விட்ட கணக்குகள் வழியே பணம் இப்படிக் கைமாறுகிறது. யாரோ ஒருவர் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை கிளைக்குப் போய் மேலாளரைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதன் விலை இதுதான்.

1930 முடிந்ததும் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்ய வேண்டும். பிடித்த படங்களை இணைக்க வேண்டிய இடமும் இதுவே.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மோசடிச் செய்தியைத் தம்பிக்கு ஃபார்வர்ட் செய்து, அதைப் படமெடுத்துக் கொடுக்கிறார்கள். ஃபார்வர்ட் ஆன செய்தியில் அனுப்பியவர் எண்ணும் வந்த நேரமும் இல்லை. அது சாட்சியாக எடுபடாது. வந்த போனிலேயே படமெடுக்க வேண்டும். பெயரைத் தட்டி முழுத் தொலைபேசி எண் தெரியும்படி ஒரு படம் வேண்டும். வாட்ஸ்அப் 'நேற்று' என்று மட்டும் காட்டினால், தேதியும் நேரமும் தெரியும்படி இன்னொன்று. அழைப்புப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு ஏதாவது வந்திருந்தால் அதைத் திறக்காமல் அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும்.

படம் எடுத்தாயிற்றே, இனி போனை மாற்றிவிடலாமா? கூடாது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க, பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. பழைய சட்டத்தில் இது 65பி பிரிவாக இருந்தபோது, அந்தச் சான்று கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூலக் கருவியே கையில் இருந்தால் வழக்குக்கு அதுதான் பலம்.

வங்கிக்குக் கொடுத்த புகாரின் எண்ணும், அது வந்த நேரமும்கூடச் சாட்சிதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளர் தவறு இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. கடவுச்சொல்லைத் தானே கொடுத்துவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. பொள்ளாச்சிப் பெண்மணியின் நிலை இரண்டாவது. நான்காவது தடவையாகப் பணம் போயிருந்தால், அது புகாருக்கு முன்பா பின்பா என்பதை அந்த எஸ்எம்எஸ்தான் சொல்லும்.

1930 ஒப்புகை எண்ணை எஃப்ஐஆர் என்று நினைத்துவிடக் கூடாது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் வழக்குப் பதியச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்தது என்று தெரியாவிட்டாலும், எல்லை தங்களுடையது இல்லாவிட்டாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். நிறுத்திவைத்த பணம் தானாகத் திரும்பாது. அதைக் கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப்போடும்போது இந்தக் காகிதங்கள் எல்லாம் வேண்டியிருக்கும்.

சில நாள் கழித்து ஒரு அழைப்பு வரலாம். "உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஐந்தாயிரம் கட்டுங்கள்" என்பார்கள். ஏமாந்தவர்களையே குறிவைக்கும் இரண்டாவது வலை அது. 1930-க்கோ காவல் நிலையத்துக்கோ புகார் கொடுக்க ஒரு பைசாக் கட்டணம் கிடையாது, ஓடிபியும் அவர்கள் கேட்பதில்லை.