விற்றால்தானே நஷ்டம்?

2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு ஒன்றின் விலை 400 ரூபாயைத் தொட்டது. 2020 மார்ச் 6 அன்று அதே பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய்த் திரும்பியது. அந்தப் பத்தொன்பது மாதச் சரிவில் பெரிய முதலீட்டாளர்கள் பலர் விற்றுக்கொண்டு வெளியேற, அந்த வங்கியின் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. விலை இறங்க இறங்க நம்மைப் போன்றவர்கள்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று பார்த்தால், தனிநபர் முதலீட்டாளர்களின் பணம் எப்படிக் கரைகிறது என்பது ஏறக்குறைய முழுதாகப் புரிந்துவிடும்.

யெஸ் பேங்க் ஊர் பேர் தெரியாத கம்பெனி அல்ல. நிஃப்டி 50 பட்டியலில் இருந்த வங்கி. 2005-ல் பங்கு வெளியிட்ட நாளிலிருந்து வேகமாக வளர்ந்து வந்தது. ஆனால் அதன் கணக்கில் கோளாறு இருப்பது ரகசியமாகவும் இல்லை. 2015-16ஆம் ஆண்டுக்கு மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி ரூபாய் என்று வங்கி சொன்னது. ரிசர்வ் வங்கி தணிக்கை செய்து, சுமார் 4,926 கோடி என்றது. அடுத்த ஆண்டும் இரண்டு கணக்குக்கும் இடையே 6,000 கோடிக்கு மேல் வித்தியாசம். இவை வங்கியே வெளியிட்ட விவரங்கள், செய்தித்தாள்களிலும் வந்தன. 2018 செப்டம்பரில் வங்கியின் தலைவர் ராணா கபூர் 2019 ஜனவரி 31 வரை மட்டுமே பதவியில் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. செய்தி வந்ததும் ஒரே நாளில் பங்கு விலையில் கால் பங்குக்கு மேல் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு முதலீட்டாளரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள் கற்பனை, விலைகள் அந்தந்தக் காலத்தில் நிலவியவற்றை ஒட்டியவை. ஆகஸ்டில் 350 ரூபாய் வீதம் 100 பங்கு, 35,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். செப்டம்பர் சரிவில் விலை 220 ஆகிவிட்டது. அன்றே விற்றிருந்தால் நஷ்டம் 13,000 ரூபாய். அவர் விற்கவில்லை. "விற்றால்தானே நஷ்டம்? வைத்திருந்தால் என்றாவது ஏறும். போட்ட காசு வந்தால் போதும், அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறேன்" என்றார். இப்படிச் சொல்பவர் நம் வீட்டிலோ அலுவலகத்திலோ நிச்சயம் ஒருவர் இருப்பார்.

மனம் இப்படி வேலை செய்வதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் எழுதிய கட்டுரை விளக்கியது. ஆயிரம் ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி நமக்கு அதிகம். பின்னாளில் அவர்கள் போட்ட கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த வலியைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்காக, லாபம் வரும்போது எடுக்கத் துணியாத அபாயத்தை நஷ்டம் வரும்போது எடுக்கிறோம். பங்கை விற்காதவரை நஷ்டம் திரையில் ஒரு சிவப்பு எண் மட்டும்தான். விற்றுவிட்டால் அது நம் தவறு என்று ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பங்கை நாம் எந்த விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது. அதன் நாளைய விலைக்கும் நம் 350 ரூபாய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

நம் முதலீட்டாளர் அத்துடன் நிற்கவில்லை, 'ஆவரேஜ்' பண்ண ஆரம்பித்தார். 220-ல் இன்னொரு 100 பங்கு. 2019 ஏப்ரல் இறுதியில் வங்கி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு காலாண்டில் நஷ்டம் காட்டியது, 1,500 கோடிக்கு மேல். பங்கு மறுபடி சரிந்து 170 ரூபாய்க்கு வந்தபோது 200 பங்கு வாங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் 40 ரூபாய்க்குக் கிடைத்தபோது, "இதற்கு மேல் எங்கே இறங்கப்போகிறது" என்று 1,000 பங்கு வாங்கினார். இப்போது அவரிடம் 1,400 பங்கு. போட்ட பணம் 1,31,000 ரூபாய். சராசரி விலை 350-லிருந்து சுமார் 94 ரூபாய்க்கு வந்துவிட்டது.

ஆவரேஜ் செய்வதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சராசரி விலை குறைவதைப் பார்க்கும்போது ஏதோ சாதித்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் நடந்தது, நிலைமை மோசமாகிக்கொண்டே போன ஒரே கம்பெனியில் அவர் போட்ட பணம் 35,000-லிருந்து நான்கு மடங்கை நெருங்கியதுதான். மாதாமாதம் எஸ்.ஐ.பி. முறையில் இன்டெக்ஸ் ஃபண்டில் போடுவதோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு. ஐம்பது கம்பெனிகளில் ஒன்று அழிந்தாலும் ஃபண்ட் நிற்கும். ஒற்றைக் கம்பெனி அழிந்தால் அழிந்ததுதான்.

2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. டெபாசிட் போட்டவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. மறுநாள் சந்தை முடியும்போது பங்கு சுமார் 16 ரூபாய். நம்மவரின் 1,400 பங்கின் மதிப்பு 22,400. நஷ்டம் ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கும் மேல். முதலில் வாங்கிய 100 பங்கோடு நின்றிருந்தால், வங்கி அடியோடு அழிந்திருந்தாலும் 35,000-க்கு மேல் போயிருக்காது. பின்னர் ஸ்டேட் வங்கி தலைமையில் பிற வங்கிகள் பங்குக்கு 10 ரூபாய் வீதம் பணம் போட்டு அதைக் காப்பாற்றின. அந்தத் திட்டத்தின்படி, 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் முக்கால் பங்கை மூன்று ஆண்டுகள் விற்க முடியாது. ஆவரேஜ் செய்து சேர்த்த பங்குகளும் இந்த விதிக்குள் மாட்டிக்கொண்டன. 2025-ல் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுய் வங்கி யெஸ் பேங்கின் 20 சதவீதத்தை வாங்கியபோது கொடுத்த விலை பங்குக்கு 21 ரூபாய் 50 காசு.

நடந்து முடிந்த பிறகு இப்படி எழுதுவது சுலபம் என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் 220-க்கு விற்றவர் அடுத்த மார்ச்சில் பங்கு 270 ரூபாயைத் தாண்டியபோது முட்டாளாகத்தான் தெரிந்திருப்பார். 2019 பிப்ரவரியில், 2017-18ஆம் ஆண்டுக் கணக்கில் வாராக்கடன் வித்தியாசம் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி சொன்னதாக யெஸ் பேங்க் அறிவித்ததும், பங்கு ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் ஏறியது. எல்லோரும் பாய்ந்து வாங்கினார்கள். அடுத்த நாளே வங்கி பங்குச் சந்தைக்கு இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டியிருந்தது: அந்த அறிக்கையில் வேறு விதிமீறல்களும் சொல்லப்பட்டிருந்தன, சாதகமான பகுதியை மட்டும் எடுத்து வெளியிட்டதை ரிசர்வ் வங்கி கண்டித்திருக்கிறது. இந்த இரண்டாவது அறிவிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்? கூட்டத்தோடு போகிறவர் செய்தியைப் பார்த்து வாங்குவதில்லை, விலை ஏறுவதைப் பார்த்து வாங்குகிறார். நிஃப்டி பங்கு, இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், இத்தனை பேருக்கும் தெரியாததா என்ற நினைப்பில், படிக்க வேண்டியதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார். தன்னைப் போலவே மற்றவர்களும் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிவதில்லை.

விலை 40-க்கு வந்தபோது வாங்கியதில் நஷ்ட பயத்தைவிடவும், கூட்டத்தைவிடவும், தன்மேல் வைத்த நம்பிக்கைதான் பெரிதாக நின்றது. 400 ரூபாய்ப் பங்கு 40-க்குக் கிடைக்கிறது, சந்தை பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையின் விலையைக் கணக்கிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் இருவரும் 1991 முதல் 1996 வரை ஒரு புரோக்கர் நிறுவனத்தில் 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்த அந்தக் காலத்தில், அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். அவர்கள் மோசமான பங்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் கொடுத்த கமிஷனும் விலை வித்தியாசமும்தான் லாபத்தைத் தின்றன. நம் நாட்டில் இதன் கொடூரமான வடிவம் எஃப் அண்ட் ஓ. 2024-ல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் அந்தச் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டம் கண்டவர்களிலும் பெரும்பாலோர் மூன்றாம் ஆண்டும் திரும்பி வந்தார்கள் என்பது எனக்கு அந்த எண்ணைவிட வேதனை தருகிறது.

ஆவரேஜ் பண்ணப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் லாபத்தில் நின்ற இன்னொரு பங்கை விற்றுத்தான். ஓடீன் 1998-ல் வெளியிட்ட ஆய்வு 10,000 கணக்குகளில் இதையே கண்டது: மக்கள் ஏறிய பங்கைச் சட்டென்று விற்று, இறங்கிய பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்தவற்றைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறின.

இதிலிருந்து தப்ப நான் நம்பும் சோதனை ஒன்றுதான். இறங்கிய பங்கைப் பார்க்கும்போது வாங்கிய விலையை மறைத்துக்கொண்டு, "இந்தப் பங்கு என்னிடம் இல்லை, இதே மதிப்புக்குப் பணம் கையில் இருக்கிறது. இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா?" என்று கேட்டுக்கொள்வது. இல்லை என்றால் விற்றுவிட வேண்டும். வாங்கும் அன்றே ஏன் வாங்குகிறோம் என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் பதில் இன்னும் தெளிவாக வரும். வாராக்கடன் குறைவு என்று எழுதி வாங்கிய வங்கியில் வாராக்கடன் பெருகிவிட்டால், விலை என்னவாக இருந்தாலும் காரணம் போய்விட்டது.

விற்கக் கை வராதவர்களுக்கு வரிச் சட்டமும் உதவுகிறது. ஓராண்டுக்குள் விற்று வந்த நஷ்டத்தைக் குறுகிய கால, நீண்ட கால மூலதன லாபங்கள் இரண்டிலும் கழித்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். அந்த ஆண்டு கழிக்க லாபம் இல்லாவிட்டால் எட்டு ஆண்டுகள்வரை முன்னெடுத்துச் செல்லலாம், கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால். திரையில் சிவப்பாக நிற்கும் எண்ணுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.