ஆன்டெனா நுனிக்கு நேரா ஏன் சிக்னல் இல்ல?

கையில ஒரு பேனாவை நேரா நிமிர்த்திப் பிடிங்க. பக்கத்துல இருந்து பார்த்தா முழு நீளமும் தெரியும். நுனிக்கு நேரா கண்ணை வெச்சா வெறும் புள்ளிதான். அலைநீளத்தைவிட ரொம்பச் சின்ன ஆன்டெனாவும் இப்படித்தான். அதுக்குள்ள எலெக்ட்ரான்கள் மேலும் கீழுமா ஆடுது. அந்த ஆட்டம் ஒரு திசையிலிருந்து குறுக்கே எவ்வளவு தெரியுதோ, அந்தப் பக்கம் போகும் அலையின் புலமும் அவ்வளவுதான்.

150 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கியை எடுத்துக்குவோம். அலைநீளம் 2 மீட்டர், ஆன்டெனா ஒரு சாண்தான். நிமிர்த்திப் பிடிச்சா, கிடைமட்டமா சுத்தி எல்லாப் பக்கமும் உச்சம். குச்சியின் கோட்டிலிருந்து 30 டிகிரி மட்டும் விலகின திசையில் புலம் பாதி. திறன் புலத்தின் வர்க்கம் என்பதால், அது கால்வாசி. நேர் மேலேயும் நேர் கீழேயும் பூஜ்யம். மொத்த வடிவமும், ஓட்டை ஒரு புள்ளியா சுருங்கிப்போன மெதுவடை.

நிஜத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் அந்தப் பூஜ்யத்துக்குள்ளும் கொஞ்சம் சிக்னலைக் கொண்டுவரும். ஆனாலும் நேர் மேல் மாடியில் இருக்கிற நண்பரோட குரல் கரகரத்தா, நான் நுனியை அவர் பக்கம் நீட்ட மாட்டேன். ரெண்டு பேரும் குச்சியைப் படுக்கவெச்சு, ஒண்ணுக்கொண்ணு இணையா பிடிப்போம்.