வேங்கிக்கால் முகாமும் ஐ.க்யூ கணக்கும்: அன்றும் இன்றும்

திருவண்ணாமலையை விட்டு வேலூர் சாலையில் கொஞ்சம் போனால் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால், திங்கட்கிழமை குறைதீர்வு நாளன்று செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் மனுவோடு வருகிறார்கள். அவர்களில் பிள்ளைக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்று வேண்டி அலைகிற பெற்றோரும் உண்டு. உதவித்தொகை, தேர்வுச் சலுகை, சிறப்புப் பள்ளிச் சேர்க்கை எல்லாமே அந்தச் சான்றைத்தான் கேட்கின்றன. 1989இல் மாவட்டம் பிரியும்வரை இவர்களுக்கு மாவட்டத் தலைநகர் வேலூர். இப்போது பயணம் குறைந்திருக்கிறது. பிள்ளையை எப்படி அளக்கிறார்கள் என்பதும் மாறியிருக்கிறது. ஆனால் பாதி தூரம்தான் மாறியிருக்கிறது.

அன்று சதவீதம் நேராக ஐ.க்யூவிலிருந்து வந்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை ஒட்டி 2001இல் வந்த வழிகாட்டுதலின்படி 50 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதக் குறைபாடு; 35 முதல் 49 வரை 75 சதவீதம்; 20 முதல் 34 வரை 90 சதவீதம்; அதற்கும் கீழே 100 சதவீதம். 69 வாங்கிய பிள்ளைக்குச் சலுகை உண்டு. 71 வாங்கிய பிள்ளைக்கு எதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கும் எண் இது. அதை எடுக்கச் சான்று முகாமில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள்.

அவசரத்துக்குக் கைகொடுத்தது செகுயின் வடிவப் பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று 10 மரத் துண்டுகள். அவற்றைப் பலகையில் உள்ள பள்ளங்களில் சரியாகப் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, குறைந்த நேரத்தை வயதுப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு மொழி தடையில்லாத நல்ல கருவிதான். ஆனால் அது அளப்பது உருவத்தை அடையாளம் காண்பதையும் கை வேகத்தையும். கையில் பலவீனம் உள்ள பிள்ளை நேரத்தில் தோற்கும். பேச்சிலும் புரிதலிலும் பின்தங்கிய பிள்ளை அதிலேயே நன்றாகத் தேறிவிடும்.

சுருக்கச் சோதனை என்பதே தவறான வழி அல்ல. 1916இல் டெர்மன் அமெரிக்காவில் வெளியிட்ட ஸ்டான்போர்டு - பினே சோதனையிலேயே, நேரம் இல்லாதபோது கொடுக்கவேண்டிய கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். நம் நாட்டு பாட்டியா தொகுப்பில் (1955) ஐந்து சோதனைகள் உண்டு. அவற்றில் கட்டை அடுக்குவதையும் பெட்டிக்குள் துண்டுகளை நகர்த்துவதையும் மட்டும் கொடுத்து மதிப்பிடும் வழக்கம் வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் அடிப்படை. பானை முழுக்க ஒரே பதத்தில் வெந்திருந்தால் அது சரி. சோதனைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அப்படி இருப்பதில்லை. ஒன்றில் தேர்ச்சி, இன்னொன்றில் தடுமாற்றம் என்று இருப்பதால்தான் அவர்கள் வருகிறார்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல் இரண்டு மாற்றங்களைச் செய்தது. அறிவுசார் குறைபாட்டின் சதவீதம் இனி வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவையிலிருந்து வரும். தானே சாப்பிடுவது, உடுத்துவது, கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடத் திறன்களைப் பெற்றோரிடம் கேட்டு எடுக்கும் அளவை அது. ஐ.க்யூ சோதனையும் கூடவே நடக்க வேண்டும். இரண்டாவது மாற்றம், கற்றல் குறைபாட்டுக்கும் சான்று வந்தது. அதற்கு ஐ.க்யூ 85க்கு மேல் இருக்க வேண்டும். பிறகுதான் நிம்ஹான்ஸ் தொகுப்பில் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சோதிக்கப்படும். இப்படி 70 என்ற பழைய கோட்டுக்கு மேலே 85 என்று இன்னொரு கோடும் விழுந்தது.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பையன், வயது 10. பாடப்புத்தகம் வாசிக்க வரவில்லை. சொற்பொருள், கட்டை அமைப்பு என்ற இரண்டு பகுதிகளை மட்டும் கொடுக்கிறார்கள். 74, 84 என்று வருகின்றன. சராசரி 79. 85க்குக் கீழே என்பதால் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போகவில்லை. மந்தமாகப் படிப்பவன் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

அதே பையனுக்கு மாலின் நுண்ணறிவு அளவையின் 11 பகுதிகளையும் இரண்டு அமர்வுகளில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அந்த 74ம் 84ம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒற்றுமை காண்பதில் 100, நடைமுறை அறிவில் 98, படத்தில் விடுபட்டதைச் சொல்வதில் 104 வாங்குகிறான். பொது அறிவு, கணக்கு, எண்களை நினைவில் வைத்தல் ஆகியவற்றில் மட்டும் இறங்குகிறான். வாய்மொழிப் பகுதியின் சராசரி 83, செயல் பகுதியின் சராசரி 94. இரண்டும் சேர்ந்து 88.5. வாசிக்காத பிள்ளைக்குச் சொல்வளம் குறைவது இயல்பு. சுருக்கச் சோதனை தேர்ந்தெடுத்த பகுதி, எந்தக் குறைக்காக அவன் வந்தானோ அதே குறையால் அடிபட்ட பகுதி. முழுச் சோதனையில் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்கு அடுத்த கதவும் திறக்கிறது.

இது அபூர்வமான விபத்து அல்ல. முழுச் சோதனையோடு 0.9 அளவுக்கு ஒத்துப்போகும் சுருக்கச் சோதனையை நல்லது என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் 79 வந்தால், முழுச் சோதனையில் அந்தப் பிள்ளை 68 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம். 70, 85 என்ற இரண்டு கோடுகளும் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகின்றன. நம்பகமான முழுச் சோதனையிலும் பிழை உண்டு. ஆனால் அது ஏறக்குறைய இரண்டு பக்கமும் 6 புள்ளிக்குள் நிற்கும். அந்த நிலையிலும் கோட்டருகே இருக்கும் பிள்ளையை எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

அப்படியானால் சுருக்கச் சோதனை எங்கே போதும்? ஒரு பள்ளியில் யாரை மேல்சோதனைக்கு அனுப்புவது என்று சலிக்கும்போது போதும். சில ஆண்டுகளுக்கு முன் முழுச் சோதனை நடந்த பிள்ளையின் நிலையில் பெரிய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கப் போதும். ஆய்வில் ஒரு குழுவின் சராசரி தேவைப்படும்போதும் போதும், ஏனென்றால் அங்கே தனி ஒருவரின் தலையெழுத்து எழுதப்படுவதில்லை. சான்று, பள்ளி மாற்றம், தேர்வுச் சலுகை என்று ஒரு பிள்ளையின் வழியைத் திருப்பும் முடிவுக்கு முழு மதிப்பீடு வேண்டும். சுருக்கச் சோதனையின் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், அல்லது முடிவு 70க்கோ 85க்கோ அருகில் வந்தால், அப்போதும் வேண்டும். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இவை எல்லாம்.

பாதி தூரம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சட்டம் மாறினாலும் வரிசை குறையவில்லை. வைன்லேண்ட் கேள்விகளைத் தாயிடம் வேகமாகக் கேட்டு, அந்த எண்ணையே ஐ.க்யூவாக எழுதிவிடும் புதிய குறுக்குவழிக்கு இடம் இருக்கிறது. பிள்ளையைத் தனியே விடப் பயந்து கடைக்கே அனுப்பாத வீட்டில், செய்ய முடியாததும் செய்ய விடாததும் ஒரே மதிப்பெண்ணாகிவிடும். மாலின் அளவையும் 1969இல் வந்தது. அன்றைய பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் எண் சற்றுக் கூடுதலாகவே வரும். முழுச் சோதனை செய்பவரும் இதை நினைவில் வைத்தே முடிவு எழுத வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்தச் சோதனை, அதில் எத்தனை பகுதிகள், எண்ணோடு பிழை எல்லையும் போட்டிருக்கிறதா. சுருக்கச் சோதனை என்றால் அப்படியே எழுதித் தரக் கேளுங்கள். சான்று அதை வைத்துத்தான் வரப்போகிறது என்றால், முழு மதிப்பீட்டுக்கு இன்னொரு நாள் கேளுங்கள். அந்த ஒரு நாள் அலைச்சல், தவறான சான்றோடு ஆண்டுக்கணக்கில் அலைவதைவிடக் குறைவு.