60 பக்க ஒப்பந்தம்: பிழை பார்க்க எத்தனை நாள் கேட்க வேண்டும்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. வீட்டு உரிமையாளர்களும் கட்டுநரும் சேர்ந்து போடும் ‘ஜாயின்ட் டெவலப்மென்ட்’ ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 60 பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வரைவு மின்னஞ்சலில் வந்த கையோடு போனும் வரும்: “வக்கீல் பார்த்துட்டார் சார், நாளன்னிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வெச்சுக்கலாமா?”

வக்கீல் பார்ப்பது வேறு, பிழை பார்ப்பது வேறு. ஷரத்துகள் சட்டப்படி சரியா என்று வக்கீல் பார்ப்பார். நாலாவது மாடி வீட்டுக்குரிய நிலப் பங்கு 480 சதுரடியா, 408 சதுரடியா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டியது குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பேற்ற ஒருவர்தான். அவர் முதலில் செய்ய வேண்டியது, எத்தனை நாள் வேண்டும் என்று கணக்குப் போடுவது.

பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. ஒப்பந்தத்தில் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. ஒன்று, வாக்கியங்களாக ஓடும் ஷரத்துகள். மற்றொன்று, கடைசியில் வரும் ‘ஷெட்யூல்’ எனப்படும் சொத்து விவரம். டவுன் சர்வே எண், பிளாக் எண், நான்கெல்லை, அளவுகள், யாருக்கு எந்த வீடு, எவ்வளவு பிரிபடாத பங்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். முதல் வகையில் இரண்டு பக்கம், இரண்டாம் வகையில் ஒரு பக்கம் எடுத்து, கடிகாரம் வைத்து நிதானமாகப் படித்துப் பார்த்தால் தன் வேகம் தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, 12 வீடுகள் கொண்ட நான்கு கிரவுண்ட் மனை. 60 பக்க ஒப்பந்தத்தில் ஷரத்துகள் 44 பக்கம், சொத்து விவரம் 16 பக்கம். சோதனையில் ஷரத்துப் பக்கத்துக்கு 5 நிமிடம், சொத்து விவரப் பக்கத்துக்கு 12 நிமிடம் ஆனதாக வைத்துக்கொள்வோம். ஷரத்துகளுக்கு 220 நிமிடம், சொத்து விவரத்துக்கு 192 நிமிடம். ‘ஷரத்து 14.3-இல் கூறியபடி’ என்பது போன்ற குறுக்குக் குறிப்புகள் 70 இருந்தால், தலைக்கு ஒன்றரை நிமிடம் வீதம் 105 நிமிடம். திருத்திய பிரதியைச் சரிபார்க்க ஒரு மணி நேரம். மொத்தம் 577 நிமிடம். சந்தேகம் கேட்க, தாய்ப்பத்திரத்தைத் தேட என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ஒரு நாளில் கவனம் சிதறாமல் இந்த வேலையைச் செய்ய நாலு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலோருக்கு முடியாது. ஆக, மூன்று நாள் கேட்க வேண்டும்.

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பலர் தவறுவது நேரக் கணக்கில் அல்ல, வரிசையில். முதல் பக்கத்தில் புத்துணர்ச்சியோடு ஆரம்பிக்கிறார்கள். பத்திர மொழியின் வழக்கமான சடங்கு வாசகங்களுக்குக் கூர்மையான கண் கிடைக்கிறது. எண்கள் நிறைந்த சொத்து விவரத்துக்கு வரும்போது கண் சோர்ந்துவிடுகிறது. பணம் கைமாறும் விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எனவே முதல் நாள் காலையில் முதல் சுற்றாகச் சொத்து விவரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப்பிரதியைப் பார்த்துத் திருத்துவார். அதே முறைதான். ஒருவர் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் வைத்துக்கொண்டு ‘நாலு, எட்டு, பூஜ்யம்’ என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘நானூத்தி எண்பது’ என்று சேர்த்துச் சொன்னால் காது தானாகச் சரிசெய்துகொள்ளும்.

கூட்ட முடிந்த எண்களைக் கண்ணிடம் விடாமல் கால்குலேட்டரிடம் கொடுத்துவிடலாம். நம் உதாரணத்தில் மனை 9,600 சதுரடி. உரிமையாளர்களுக்கு 60 சதவீதம் என்றால் 5,760. பன்னிரண்டு பேருக்கும் சமமாக 480. பட்டியலைக் கூட்டும்போது 5,688 வருகிறது, 72 குறைகிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய சூத்திரம். தேடினால் ஒரு வீட்டுக்கு எதிரே 408 இருக்கும். தி.நகரில் 72 சதுரடி நிலம் என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சர்வே எண்ணை இப்படிக் கூட்டிப் பார்க்க வழியில்லை. அதற்கு உரக்கப் படிப்பதுதான் கதி.

இரண்டாம் சுற்று குறுக்குக் குறிப்புகளுக்கும் வரையறைகளுக்கும். நடுவில் ஒரு ஷரத்தைச் சேர்த்தால் பின்னால் உள்ள எண்கள் நகர்ந்துவிடும். அவற்றைச் சுட்டும் வரிகள் பழைய எண்ணிலேயே நிற்கும். ‘24 மாதத்தில் ஒப்படைப்பு’ என்றால் எந்த நாளிலிருந்து? ஒப்பந்த நாளா, வீட்டைக் காலி செய்த நாளா, சி.எம்.டி.ஏ. அனுமதி வந்த நாளா? ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் இருந்தால் அதுதான் பின்னாளில் வாடகைப் பணத் தகராறு. அடையாறு வீட்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தையே மாற்றி எழுதியிருந்தால், பழைய பெயர்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் Ctrl+F போட்டுத் தேடினால் அகப்படும்.

மூன்றாம் சுற்றில்தான் முதல் வரியிலிருந்து முழு வாசிப்பு. நிறுத்தக்குறிகளையும் அப்போது பார்க்கலாம். கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் நிறுவனங்களுக்கிடையே 14 பக்க ஒப்பந்தத்தில் இருந்த ஒரு காற்புள்ளி, ஐந்தாண்டுக்கு முன்பே ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்ற வழக்காக 2006-இல் வெடித்தது.

இடைவேளை எப்போது?

பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று நொடிக்கு ஒருமுறை நகரும். அபூர்வமாக இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறவிடுவது அதிகரித்தது. ஒப்பந்தம் படிப்பது அதே வேலை அல்லதான். ஆனால் ‘நீண்ட நேரம் பார், அபூர்வமாகத்தான் கிடைக்கும்’ என்ற சங்கடம் ஒன்றே.

ஆகவே 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் எழுந்து நடப்பது. மூன்று அமர்வுக்குப் பிறகு அரை மணி நேரம் காபி. இடைவேளையில் போனில் செய்தி படிப்பது இடைவேளை ஆகாது, அதே கண்தான் உழைக்கிறது. ஷரத்தின் நடுவே எழுந்திருக்காமல் அது முடியும் இடத்தில் நிறுத்தி, பென்சிலால் குறித்துவைக்க வேண்டும்.

சோர்வு வந்ததைத் தனக்குத்தானே உணர்வது கடினம். ஒவ்வோர் அமர்விலும் கிடைத்த பிழைகளின் எண்ணிக்கையை ஓரத்தில் எழுதினால் தெரியும். முதல் அமர்வில் ஒன்பது, மூன்றாவதில் ஒன்று என்றால், ‘பின்பகுதி சுத்தமா இருக்கு’ என்று நம்பக் கூடாது. கடைசி ஐந்து பக்கத்தை மறுநாள் காலை மீண்டும் பார்க்க வேண்டும்.

ஒரே நாள்தான் கிடைத்தது என்றால்? ‘ஆளுக்கு அஞ்சு பக்கம்’ என்று பன்னிரண்டு வீட்டுக்கும் பிரிப்பது சரிவராது. ஐந்தாம் பக்கத்து வரையறையும் நாற்பதாம் பக்கத்து வரியும் ஒரே ஆள் கண்ணில் படவே படாது. சுற்றுகளைப் பிரிக்கலாம்: இருவர் சொத்து விவரம், ஒருவர் குறுக்குக் குறிப்பு, ஒருவர் முழு வாசிப்பு.

கடைசி நேரத்தில் கண்ணில் பட்டால் பேனாவால் திருத்திவிடலாமே என்றால், பதிவுச் சட்டம் 1908-இன் 20-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அடித்தல், இடைச்செருகல் உள்ள ஆவணத்தை, எழுதிக்கொடுப்பவர்கள் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடாவிட்டால் பதிவு அலுவலர் ஏற்க மறுக்கலாம். பதிவான பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம்தான். அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பவர் கொடுக்க வேண்டும்.

திருத்திய கோப்பு வந்ததும், சொன்ன திருத்தங்களை மட்டும் பார்த்தால் போதாது. வேர்டில் உள்ள Compare வசதியில் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால், சொல்லாத இடத்தில் நடந்த மாற்றங்களும் சிவப்பில் தெரியும். முத்திரைத்தாளில் அச்சடித்த பிறகு பக்க எண்கள் ஒன்று முதல் அறுபது வரை வரிசையாக இருக்கின்றனவா, சொத்து விவரத்தின் எண்கள் அப்படியே வந்திருக்கின்றனவா என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.